3 லட்சம் ரீலொகேஷன் பேக்கேஜ்: கையில் நிற்பது எவ்வளவு, திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு?

போன மாசம் ஒரு தங்கை தன்னோட ஆஃபர் லெட்டரை எனக்கு அனுப்பியிருந்தாங்க. கோயம்புத்தூரில் ஐடி வேலை, வருஷம் 10 லட்சம் சம்பளம். பெங்களூருவில் வேறொரு கம்பெனி 14 லட்சம் தர்றாங்க. அதோட "3 லட்சம் ரீலொகேஷன் பேக்கேஜ்" வேற. "அண்ணா, கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போட்டுடலாமா?" இதுதான் அவங்க கேள்வி.

நான் சொன்ன பதில்: "கண்ணைத் திறந்துட்டு நாலாவது பக்கத்தைப் படிங்க." அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி இருந்தது. 24 மாசத்துக்குள் வேலையை விட்டால் 3 லட்சத்தையும் முழுசாகத் திருப்பித் தரணும் என்பதுதான் அதன் சாரம்.

ஒரு ரீலொகேஷன் பேக்கேஜை எப்படி எடை போடுவது என்று அவங்க கணக்கை வைத்தே இன்னைக்குப் பார்க்கலாம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கேன். கணக்கு எளிதாக இருக்க, 2025 ஏப்ரலில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். வரி எல்லாம் 2025-26 நிதியாண்டின் புது ரெஜிம் விகிதப்படி.

முதலில் 3 லட்சத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்

லெட்டரில் பெரிய எழுத்தில் 3 லட்சம் என்று இருந்தாலும், அது ஒரே தொகை கிடையாது. உள்ளே மூணு விஷயம் இருந்தது.

- இடம் மாறும் செலவுக்கு 1,00,000 ரூபாய். முதல் மாதச் சம்பளத்தோடு மொத்தமாக வரும்.
- ஹவுசிங் அலவன்ஸ் மாதம் 25,000 ரூபாய், முதல் 6 மாதத்துக்கு மட்டும். மொத்தம் 1,50,000.
- முதல் 15 நாள் தங்க ஹோட்டல். கம்பெனியே நேரடியாகக் கட்டும். மதிப்பு 50,000.

ஆக, இவங்க கைக்குப் பணமாக வருவது 2.5 லட்சம்தான். மீதி 50,000 ஹோட்டல்காரருக்குப் போகுது. இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

வரி எங்கே கடிக்கும்?

14 லட்சம் சம்பளத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனால், வரிக்கு உட்பட்ட வருமானம் 13,25,000. இதுக்கு மேல் 2.5 லட்சம் சேர்ந்தால் 15,75,000. இந்தக் கூடுதல் தொகை முழுக்க 15% ஸ்லாபில் விழுது. 4% செஸ்ஸும் சேர்த்தால் 15.6%. அதாவது 2.5 லட்சத்தில் 39,000 ரூபாய் டிடிஎஸ்ஸாகப் போய், கையில் நிற்பது 2,11,000.

"இடம் மாறும் செலவுக்கு வரி கிடையாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்பீங்க. பாதி உண்மை. வேலை நிமித்தமாக ட்ரான்ஸ்ஃபர் ஆகும்போது பயணச் செலவுக்கும், சாமான்களை பேக் பண்ணி ஏற்றி இறக்கும் செலவுக்கும் தரப்படும் அலவன்ஸுக்கு வரிவிலக்கு உண்டு. புது ரெஜிமிலும் உண்டு. ஆனால் இரண்டு எல்லைகள் இருக்கு.

ஒண்ணு, உண்மையில் செலவு செய்த அளவுக்குத்தான் விலக்கு. ஒரு லட்சம் வாங்கி 30,000 ரூபாய்க்கு பில் கொடுத்தால், மீதி 70,000 சம்பளமாகவே கருதப்படும். புரோக்கர் கமிஷன், வீட்டு அட்வான்ஸ், புதுசா வாங்கின கட்டில் எல்லாம் இந்த விலக்கில் வராது.

இரண்டாவது, சட்டத்தில் இருக்கும் வார்த்தை "ட்ரான்ஸ்ஃபர்". ஒரே கம்பெனியில் கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து பெங்களூரு ஆபீஸுக்கு மாற்றினால் சந்தேகமே இல்லை. புது கம்பெனியில் சேர்வதற்காக ஊர் மாறுவது ட்ரான்ஸ்ஃபரா என்பதில் ஒரே கருத்து இல்லை. அதனால் பல கம்பெனிகளின் பேரோல் டீம் ரிஸ்க் எடுக்காமல் முழுத் தொகைக்கும் டிடிஎஸ் பிடிச்சுடுவாங்க. இந்தத் தங்கைக்கும் அப்படித்தான் பிடிப்போம் என்று எச்ஆர் சொல்லிட்டாங்க.

ஹோட்டல் விஷயத்திலும் இதே ட்ரான்ஸ்ஃபர் என்ற வார்த்தைதான் வருது. ட்ரான்ஸ்ஃபரின்போது மொத்தம் 15 நாள் வரைக்கும் கம்பெனி தரும் ஹோட்டல் வசதிக்கு வரி இல்லை. அதைத் தாண்டினால் அது உங்க வருமானத்தில் சேரும். அதனால், "ஹோட்டல் செலவை என் சம்பளத்தில் பெர்க்விசிட்டாகக் காட்டுவீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுடுங்க. இவங்க கம்பெனி காட்ட மாட்டோம் என்று சொன்னதால் கணக்கில் அதைச் சேர்க்கலை.

மொத்தமாக வாங்கலாமா, பில் கொடுத்து வாங்கலாமா?

சில கம்பெனிகள் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வாங்க: ஒரு லட்சம் மொத்தமாக, இல்லேன்னா ஒரு லட்சம் வரை பில்லுக்கு ஏற்ற ரீஇம்பர்ஸ்மென்ட். எது லாபம்?

மொத்தமாக வாங்கினால் வரி போக கையில் 84,400 ரூபாய். உங்க உண்மையான செலவு அதைவிடக் குறைவு என்றால் மொத்தத் தொகைதான் லாபம், மிச்சம் உங்களுக்கு. செலவு அதைத் தாண்டும், அந்த பில்களுக்குக் கம்பெனி வரி பிடிக்காது என்றால் ரீஇம்பர்ஸ்மென்ட் லாபம். குடும்பத்தோடு, முழு வீட்டுச் சாமானோடு, காரோடு போறவங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் சரியாக வரும்.

தங்கையோட செலவைக் கூட்டினோம். பைக்கோடு சேர்த்து பேக்கர்ஸ் கொட்டேஷன் 24,000. வீடு பார்க்கவும் குடிபோகவும் பயணம் 6,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 25,000. கட்டில், அடுப்பு, திரைச்சீலை என்று 20,000. மொத்தம் 75,000. அதனால் மொத்தமாக வாங்குவதே சரி, 9,400 மிச்சம்.

எந்த வழியாக இருந்தாலும் பேக்கர்ஸிடம் உங்க பெயர், தேதி, எங்கிருந்து எங்கே என்ற முகவரியோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்க. வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் பில் ஆகாது. பைக்கை எடுத்துட்டுப் போறவங்க இன்னொன்றையும் கவனிக்கணும். வேற மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்யணும். அதுக்கு இங்கே ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கணும், அங்கே சாலை வரி கட்டணும். இந்தச் செலவு பேக்கேஜ் முடிஞ்ச பிறகுதான் வரும், அதனால யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏழாவது மாசம் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலானவங்க கேட்க மறந்துடறாங்க. ஹவுசிங் அலவன்ஸ் 6 மாசம். வாடகை எத்தனை மாசம்? நீங்க அங்கே இருக்கிற வரைக்கும்.

கோயம்புத்தூரில் 10 லட்சம் சம்பளத்துக்கு இவங்களுக்கு வருமான வரியே இல்லை. புது ரெஜிமில் வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம் வரை ரிபேட் இருக்கு. பிஎஃப் 1,800 போக மாதம் சுமார் 81,500 கைக்கு வருது. பெங்களூருவில் 14 லட்சத்துக்கு வருஷ வரி 81,900. அதோடு பிஎஃப், தொழில் வரி எல்லாம் போனால் மாதம் சுமார் 1,07,800. வித்தியாசம் 26,300 ரூபாய்.

இப்போ செலவுப் பக்கம். கோயம்புத்தூரில் தோழிகளோடு வீடு, இவங்க பங்கு 8,000. பெங்களூருவில் ஆபீஸுக்குப் பக்கத்தில் அவங்க பார்த்த ஒன் பிஹெச்கே 25,000. வாடகை மட்டும் 17,000 கூடுது. சாப்பாடு, மெட்ரோ, ஆட்டோ, மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து போறது எல்லாம் சேர்த்து 6,000 கூடுது. மொத்தம் 23,000.

26,300-லிருந்து 23,000 போனால் 3,300. நாலு லட்சம் உயர்வு என்று சொன்ன வேலையில், ஏழாவது மாசத்திலிருந்து உண்மையில் மிஞ்சுவது இவ்வளவுதான். முதல் ஆறு மாசம் அலவன்ஸ் வரி போக 21,100 சேர்வதால் மாதம் 24,400 கூடுதலாகத் தெரியும். அந்த ஆறு மாசப் பழக்கத்தில் ஒரு இஎம்ஐ போட்டுட்டீங்கன்னா ஏழாவது மாசம் மூச்சு முட்டும்.

"எச்ஆர்ஏ விலக்கு எடுத்தால்?" என்றும் கேட்டாங்க. புது ரெஜிமில் எச்ஆர்ஏ, ஹவுசிங் அலவன்ஸ் இரண்டுக்குமே விலக்கு இல்லை. பேஸிக் 7 லட்சம் என்று வைத்து, பழைய ரெஜிமில் எச்ஆர்ஏ 2.3 லட்சம், 80சி 1.5 லட்சம் எல்லாம் கழித்தும் பார்த்தோம். வருஷ வரி ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. இவங்களுக்குப் புது ரெஜிம்தான் குறைவு.

ஆனால் ஒரு வழி இருக்கு. ஹவுசிங் அலவன்ஸைப் பணமாகத் தருவதற்குப் பதில், கம்பெனியே வீட்டை லீஸுக்கு எடுத்துத் தந்தால் வரிக் கணக்கே மாறும். அப்போ கம்பெனி கட்டும் வாடகை, அந்தக் காலத்துக்கான உங்க சம்பளத்தில் 10%, இந்த இரண்டில் எது குறைவோ அதுக்குத்தான் வரி. ஆறு மாச வாடகை 1,50,000. ஆறு மாசச் சம்பளம் 7 லட்சத்தில் 10% என்றால் 70,000. மீதி 80,000-க்கு வரி இல்லை, சுமார் 12,500 மிச்சம். வீட்டு அட்வான்ஸையும் கம்பெனியே கட்டும் என்பது இன்னொரு நிம்மதி. எல்லா கம்பெனியும் ஒத்துக்காது, ஆனால் கேட்பதில் தப்பில்லை.

அட்வான்ஸ் என்றதும் ஒண்ணு சொல்லணும். பெங்களூருவில் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம். இவங்க பார்த்த வீட்டுக்கு 5 மாசம், 1,25,000. முதல் மாத வாடகை 25,000. மேலே சொன்ன 75,000. ஆக, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே 2,25,000 ரூபாய் கையில் இருக்கணும்! கம்பெனி தரும் ஒரு லட்சமோ முதல் சம்பளத்தோடுதான் வரும். இடையில் பர்சனல் லோன் எடுத்தால் அதன் வட்டியும் உங்க ரீலொகேஷன் செலவுதான். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் அங்கே உண்டு, அக்ரிமென்ட்டில் அதையும் பார்த்துடுங்க.

இப்போ அந்த நாலாவது பக்கம்

இந்த வேலை பிடிக்கலை, 14 மாசம் முடிஞ்சதும் 2026 ஜூனில் விட்டுட்டு வர்றாங்கன்னு வைப்போம். லெட்டர்படி 3,00,000 திருப்பித் தரணும். கையில் வாங்கியது 2,11,000. வித்தியாசம் 89,000 எங்கே போச்சு? 50,000 ஹோட்டலுக்கு, 39,000 வருமான வரித்துறைக்கு. உங்க கையில் வராத பணத்தையும் நீங்க திருப்பித் தர்றீங்க.

அந்த 39,000 வரியைத் திரும்ப வாங்க முடியாதா? பணம் வாங்கின அதே நிதியாண்டுக்குள் கம்பெனி பிடித்துக்கொண்டால், பேரோலில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி டிடிஎஸ்ஸைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. நிதியாண்டு தாண்டிட்டா, ஃபார்ம் 16-ல் அந்தப் பணம் உங்க சம்பளமாக ஏறி முடிஞ்சிருக்கும். கம்பெனி பழைய ஃபார்மைத் திருத்தித் தர யோசிக்கும். நீங்களே ரிட்டர்னில் குறைத்துக் காட்டினால் ஃபார்ம் 16-ம் ரிட்டர்னும் ஒத்துப்போகலைன்னு நோட்டீஸ் வரும், விளக்கிட்டு நிக்கணும். 39,000-க்காக அந்த அலைச்சல் தேவையா?

மொத்த லாப நஷ்டத்தைக் கூட்டுவோம். முதல் 6 மாசம் 24,400 வீதம் 1,46,400. அடுத்த 8 மாசம் 3,300 வீதம் 26,400. இடமாற்றத் தொகையில் மிஞ்சிய 9,400. ஆக 14 மாசத்தில் கூடுதலாகச் சேர்த்தது 1,82,200. திருப்பித் தருவது 3,00,000. கோயம்புத்தூரிலேயே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அதைவிட 1,17,800 ரூபாய் கீழே நிற்பாங்க.

"இந்த மாதிரி க்ளாஸ் எல்லாம் கோர்ட்டில் நிக்காது" என்று நண்பர்கள் சொல்வாங்க. அதை நம்பி கையெழுத்துப் போடாதீங்க. ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வசூலிக்க விடாது என்பது உண்மை. ஆனால் 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில், 3 வருஷம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் கட்டணும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அது ரீலொகேஷன் வழக்கு இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்ட நிபந்தனையை நீதிமன்றம் லேசாகத் தள்ளிவிடாது என்று புரியுது. அதுவுமில்லாமல், கம்பெனி கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம், ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்டில் பிடிச்சுட்டு, மீதியைக் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் என்று உட்கார்ந்துக்கும்.

கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியது

தங்கை எச்ஆருக்கு அனுப்பிய மெயிலில் நாலு விஷயம்தான் கேட்டாங்க.

1. மாதம் மாதம் குறையணும். 24 மாசத்தில் 14 மாசம் வேலை பார்த்திருந்தால், மீதி 10 மாசப் பங்கை மட்டும் கட்டினால் போதும். 3,00,000 அப்போவே 1,25,000 ஆகிடும்.
2. கையில் வாங்கிய தொகைக்கு மட்டும். வரியும் ஹோட்டலும் சேரக்கூடாது. 2,11,000-ல் 10 மாசப் பங்கு சுமார் 88,000.
3. நானாக ராஜினாமா செய்தால் மட்டும். "எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும்" என்று லெட்டரில் இருந்தது. அப்படி விட்டால் லே ஆஃப் ஆனாலும் நீங்கதான் கட்டணும்.
4. 24 மாசம் எந்த நாளிலிருந்து? சேர்ந்த நாளிலிருந்து என்று எழுதணும். "கடைசித் தொகை வழங்கிய நாளிலிருந்து" என்று இருந்தால் ஹவுசிங் அலவன்ஸால் உங்க கட்டு 30 மாசமாக நீளும்.

இதை எல்லாம் போனில் பேசிட்டு விட்டுடாதீங்க. திருத்திய லெட்டராக வரணும், குறைந்தபட்சம் எச்ஆரின் மெயிலிலாவது உறுதி இருக்கணும். கேட்க வேண்டிய நேரம், கம்பெனி ஆஃபர் கொடுத்த பிறகு, நீங்க கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி உள்ள அந்தச் சில நாட்கள்தான். பழைய வேலையில் பேப்பர் போட்ட பிறகு கேட்டால் உங்க பக்கம் பலம் இல்லை.

இன்னொரு பேரமும் முயற்சி பண்ணலாம். ரீலொகேஷனில் ஒரு லட்சத்தைக் குறைச்சுட்டு, அதையே நிரந்தரச் சம்பளத்தில் ஏற்றக் கேளுங்க. ஒரு தடவை வரும் ஒரு லட்சத்தைவிட வருஷா வருஷம் வரும் ஒரு லட்சம் பெரிசு, அதுக்குத் திருப்பிக் கட்டும் க்ளாஸும் கிடையாது. ஆனால் கம்பெனிக்கும் இந்தக் கணக்கு தெரியும், அதனால் சுலபமாக ஒத்துக்க மாட்டாங்க.

தங்கைக்கு என்ன கிடைச்சது?

ஒரு வாரம் கழிச்சு திருத்திய லெட்டர் வந்தது. மாதம் மாதம் குறையும் முறைக்கு ஒத்துக்கிட்டாங்க. ஹோட்டல் தொகையை எடுத்துட்டாங்க. கம்பெனியாக வேலையை விட்டு எடுத்தால் கட்ட வேண்டாம் என்று சேர்த்தாங்க. காலம் சேர்ந்த நாளிலிருந்து என்று எழுதினாங்க. வரி போகக் கையில் வாங்கியதை மட்டும் என்ற கோரிக்கையை மறுத்துட்டாங்க, எங்க சிஸ்டத்தில் அதுக்கு வழி இல்லை என்று பதில். சம்பளத்தையும் கூட்டலை.

அப்போ 14-ஆவது மாசத்தில் விட்டால் 2,50,000-ல் 10 மாசப் பங்கு, சுமார் 1,04,000. சேர்த்த 1,82,200-ல் இது போனாலும் 78,000 மிஞ்சும். 1,17,800 நஷ்டம் என்று இருந்த இடம் இது. ஒரே ஒரு மெயிலில் வந்த வித்தியாசம்.

மாதம் 3,300 கூடுதலுக்கு ஊர் மாறணுமா என்பது அவங்க முடிவு. "வேலை நல்ல வேலை அண்ணா, இரண்டு வருஷத்தில் அடுத்த லெவல் போகலாம். ஆனால் தனியாக ஒன் பிஹெச்கே வேண்டாம், இன்னொரு பொண்ணோட சேர்ந்து இருக்கேன்" என்று சொன்னாங்க. வாடகை 14,000 ஆனது. மாதக் கணக்கில் 11,000 கூடியது. பேக்கேஜில் எந்த வரியும் செய்யாத வேலையை அந்த ஒரு முடிவு செய்தது.

உங்க கையில் இப்போ ஒரு ஆஃபர் லெட்டர் இருந்தால், பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை விட்டுட்டு மூணு எண்ணை எழுதிப் பாருங்க: வரி போகக் கைக்கு வருவது, அலவன்ஸ் நின்ற அடுத்த மாசம் மிஞ்சுவது, 14-ஆவது மாசத்தில் விட்டால் கட்ட வேண்டியது. மூணையும் எழுதிட்டு அப்புறம் பேனாவை எடுங்க.